‘ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தம்’: காப்பீட்டு மறுப்புக்குப் பதில் எழுதுதல்

மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்து அனுப்பிய கடிதத்தைக் கையில் பிடித்தபடி எம் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோர் உண்டு. அக்கடிதங்களில் நாங்கள் அடிக்கடி காணும் காரணம் ஒன்றே: பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள் என்பது. உண்மையில் மறைத்திருந்தால் அதற்கு விடையில்லை. எந்தக் கடிதமும் உதவாது. மறைக்காதவர் மீதும் இக்குற்றச்சாட்டு எவ்வாறு வந்து விழுகிறது, அதற்கு எவ்வாறு பதில் எழுதுவது என்பதையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

பலருடைய ஆவணங்களில் கண்டவற்றைச் சேர்த்து அமைத்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நாட்றாம்பாளையத்தைச் சேர்ந்த ஒருவர் ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். ஊதியம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாயைக் கடந்துவிட்டதால், 2021 நவம்பரில் தனியாக மருத்துவக் காப்பீடு எடுத்து, இடைவெளியின்றிப் புதுப்பித்து வருகிறார். 2025 ஜனவரியில் மாரடைப்பு. பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்படுகிறது. நள்ளிரவில், தமிழ் அறியாத பணி மருத்துவரிடம் மனைவி “ஆறு மாசமா பிரஷர் மாத்திரை சாப்பிடுறாரு” என்கிறார். சேர்க்கைக் குறிப்பில் அது ஆறு ஆண்டுகள் என்று பதிவாகிறது. அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் அப்படியே போகிறது. ஆறு ஆண்டுகள் என்றால் 2019. பாலிசிக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. காப்பீட்டு நிறுவனத்துக்கு வேறென்ன வேண்டும்?

இத்தகைய மறுப்புக்கு முதல் பதில் சட்டத்தில் இல்லை, தேதியில் இருக்கிறது. நோய் முதன்முதலில் எப்போது கண்டறியப்பட்டது? அவசரப் பிரிவில் எழுதப்படும் நோய் வரலாறு பிறர் சொல்லக் கேட்டு எழுதுவது. அதைவிட வலுவான சான்று, நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே எழுதப்பட்ட தாள். நம் மாவட்டத்தில் அப்படியொரு தாள் பல வீடுகளில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. வீட்டுக்கு வரும் பணியாளர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் குறித்துச் செல்வார். நம் மேற்பார்வையாளருக்கு 2024 ஜூன் மாதம் அவ்வாறுதான் உயர் இரத்த அழுத்தம் தெரியவந்தது. அட்டையில் தேதி உள்ளது. தொழிற்சாலையில் 2022-இல் எடுத்த பரிசோதனை அறிக்கையில் 124/80 என்று இருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தால் ‘ஆறு ஆண்டுகள்’ நிற்காது.

மூன்றாவது சான்று சிகிச்சை அளித்த மருத்துவரிடமிருந்து வரவேண்டும். மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, மேற்கண்ட சான்றுகளைக் காட்டி, நோயின் கால அளவு குறித்த திருத்தச் சான்றிதழ் கோருங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் அடித்துத் திருத்தி வாங்க வேண்டாம். அது போலி ஆவணம் என்ற புதுச் சந்தேகத்துக்கே இடமளிக்கும். தனித் தாளில், தேதி, கையொப்பம், முத்திரையுடன் இருப்பதே முறை. எக்கோ பரிசோதனையில் இதயத் தசை தடிக்கவில்லை என்று இருந்தால் அதையும் குறிப்பிடச் சொல்லலாம். நெடுநாள் கட்டுப்படாத அழுத்தம் அத்தசையைத் தடிக்கச் செய்யும். ஆயினும் தடிப்பு இல்லாமை துணைச் சான்று மட்டுமே. நோய் புதியது என்று அது நிறுவிவிடாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதித் தருமாறு மருத்துவரை வற்புறுத்தினால், அச்சான்றிதழ் விசாரணையில் உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

இனி கடிதம். அது காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குச் செல்ல வேண்டும், முகவருக்கு அல்ல. ஒரு பக்கம் போதும். பாலிசி எண், கோரிக்கை எண், மறுப்புக் கடிதத்தின் தேதி ஆகியவற்றுக்குப் பின், ஏறத்தாழ இப்படி:

“எனக்கு ஆறு ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தம் இருந்ததாகவும், அதை முன்மொழிவுப் படிவத்தில் மறைத்ததாகவும் கூறி என் கோரிக்கையை மறுத்துள்ளீர்கள். இது உண்மைக்கு மாறானது. எனக்கு இந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 2024 ஜூன் மாதம். பாலிசி தொடங்கியது 2021 நவம்பர். ஆகவே படிவத்தை நிரப்பிய நாளில் நான் அறிந்து மறைக்க ஏதுமில்லை. சான்றாக மூன்று ஆவணங்களின் நகல்களை இணைத்துள்ளேன். நான் எந்த வினாவுக்குத் தவறான விடை அளித்தேன் என்பதைக் குறிப்பிட்டு, நான் கையொப்பமிட்ட படிவத்தின் நகலை அனுப்புக. மறுப்புக்கு ஆதாரமான பாலிசி விதியையும், கோரிக்கை மறு ஆய்வுக் குழு இம்மறுப்புக்கு ஒப்புதல் அளித்த விவரத்தையும் தெரிவிக்குக.”

கடைசி இரண்டு வாக்கியங்களைச் சம்பிரதாயம் என்று விட்டுவிடாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, குழுவின் ஒப்புதலின்றிக் கோரிக்கையை மறுக்கலாகாது. மறுத்தால் குறிப்பிட்ட விதியைச் சுட்ட வேண்டும். அதே ஆணையத்தின் விதிகளில் இன்னொன்றும் உண்டு. இடைவெளியின்றி 60 மாதங்கள் பாலிசி நடந்திருந்தால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, மறைத்தல் என்ற காரணத்தையே நிறுவனம் எழுப்ப முடியாது. நம் மேற்பார்வையாளருக்கு 38 மாதங்களே ஆகியிருந்ததால் இது பொருந்தவில்லை. உங்களுக்குப் பொருந்துமானால் கடிதத்தின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 6 அன்று மன்மோகன் நந்தா எதிர் யுனைடெட் இந்தியா வழக்கில் அளித்த தீர்ப்பைச் சிலர் எல்லாக் கடிதங்களிலும் சேர்க்கிறார்கள். அவர் தம் நீரிழிவைப் படிவத்தில் தெரிவித்திருந்தார். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையைத்தான் குறிப்பிடவில்லை. அமெரிக்காவில் அவருக்கு மாரடைப்பு வந்தது, காப்பீடு மறுக்கப்பட்டது. நீரிழிவு நோயாளிகளுக்கு அம்மாத்திரை தற்காப்பாகவும் தரப்படுவதைக் கருதிய நீதிமன்றம், அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மருத்துவர் என்ற முறையில் எங்களுக்கு இத்தீர்ப்பு மிகவும் பிடித்தமானது. ஆனால் நோயைத் தெரிவித்த பின் மறுக்கப்பட்டவருக்கே இது நேரடியாக உதவும்.

கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பே மீண்டும் வந்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்கு ஓராண்டு அவகாசம் உண்டு. முதலில் நிறுவனத்துக்கு எழுதாமல் நேரே சென்றால் மனு திரும்பிவிடும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவர் வழங்கலாம்.

எல்லையோர மக்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி, பாலிசி பெங்களூர்க் கிளையில் எடுத்தது, அங்குதான் போக வேண்டுமா என்பது. வேண்டியதில்லை. நிறுவனத்தின் கிளை உள்ள பகுதியிலோ, நீங்கள் வசிக்கும் பகுதியிலோ மனு செய்யலாம். நாட்றாம்பாளையத்தில் வசிப்பவருக்குச் சென்னை தேனாம்பேட்டை, அண்ணா சாலையில் உள்ள அலுவலகம் பொருந்தும். cioins.co.in தளத்திலும் மனு செய்யலாம்.

மனுவில் புதிதாகக் கதை எழுத வேண்டாம். நிறுவனத்துக்கு எழுதிய கடிதம், அவர்கள் பதில், மூன்று சான்றுகள், மருத்துவமனைக் கட்டண ரசீதுகள், கோரும் தொகை ஆகியவை போதும். தேவையான ஆவணங்கள் அனைத்தும் கிடைத்த மூன்று மாதங்களுக்குள் தீர்வு வழங்கப்பட வேண்டும். தீர்வு உங்களுக்குச் சார்பாக வந்தால், நிறுவனம் 30 நாள்களுக்குள் அதை நிறைவேற்றக் கடமைப்பட்டது. உங்களுக்கு எதிராக வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லும் வழி திறந்தே இருக்கும். வரிசை மாறினால் அப்படி இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே விவகாரத்தைக் குறைதீர்ப்பாளர் ஏற்கமாட்டார்.