இரண்டு பக்கமும் 8 வோல்ட்: பழுது எங்கே?

ஒரு ரெசிஸ்டரின் இரண்டு கால்களிலும் மல்டிமீட்டர் ஒரே வோல்டேஜைக் காட்டினால், அது ஷார்ட் ஆகிவிட்டது என்று பலரும் உடனே கழற்றி மாற்றிவிடுகிறார்கள். புதியதைப் போட்ட பிறகும் போர்டு வேலை செய்வதில்லை. மீட்டர் காட்டியது சரிதான். அந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடாததுதான் பிழை.

நான்கு ரெசிஸ்டர்கள் மட்டும் உள்ள ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். சப்ளை 12 வோல்ட். அதிலிருந்து 1 கிலோ ஓம் உள்ள R1, A என்ற சந்திப்புக்கு வருகிறது. A-யிலிருந்து 2 கிலோ ஓம் உள்ள R2 நேராக கிரவுண்டுக்கு இறங்குகிறது. அதே A-யிலிருந்து 1 கிலோ ஓம் உள்ள R3, B என்ற அடுத்த சந்திப்புக்குப் போகிறது. B-யிலிருந்து கிரவுண்டுக்கு R4. அதுவும் 1 கிலோ ஓம்தான்.

R3-யும் R4-ம் வரிசையாக நிற்பதால் சேர்ந்து 2 கிலோ ஓம். பக்கத்தில் R2-வும் 2 கிலோ ஓம். இரண்டு பாதைகளும் இணையாக இருப்பதால் மொத்தம் 1 கிலோ ஓம் ஆகிறது. மேலே R1-ம் அதே அளவு என்பதால் 12 வோல்ட் சரிபாதியாகப் பிரிந்து A-யில் 6 வோல்ட் நிற்கும். அதில் பாதி, 3 வோல்ட், B-யில் இருக்கும். இந்த இரண்டு எண்களையும் தாளில் குறித்துக்கொண்ட பிறகே மீட்டரைத் தொட வேண்டும்.

இப்போது கறுப்பு வயரை கிரவுண்டில் வைத்து அளக்கிறோம். முதலில் சப்ளை: 12 வோல்ட் முழுதாக இருக்கிறது. A-யில் 8 வோல்ட், B-யிலும் 8 வோல்ட். R3-யின் இரு பக்கமும் சமம். அதன் மேல் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் R3 உண்மையிலேயே ஷார்ட் ஆகியிருந்தால் என்ன ஆகும்? R4-ன் 1 கிலோ ஓம் நேராக R2-வுக்கு இணையாக வந்துவிடும். கீழ்ப்பக்க எதிர்ப்பு குறையும், A-யின் வோல்டேஜும் 4.8-க்கு இறங்கும். இங்கேயோ 6-லிருந்து 8-க்கு ஏறியிருக்கிறது. வோல்டேஜ் ஏறினால் கீழே ஏதோ ஒரு பாதை அறுந்திருக்கிறது என்று பொருள்.

கீழே R2 மட்டும் ஓப்பன் ஆனாலும் A-யில் 8 வோல்ட்தான் வரும். R3 ஆனாலும் 8, R4 ஆனாலும் 8. மூன்றிலும் மிஞ்சுவது ஒரே 2 கிலோ ஓம் பாதை என்பதால் A மட்டும் எதையும் பிரித்துச் சொல்லாது. பிரித்துச் சொல்வது B. R2 அறுந்திருந்தால் B-யில் 4 வோல்ட் இருக்கும். R3 அறுந்திருந்தால் B-க்கு எதுவும் வந்து சேராது, 0. R4 அறுந்திருந்தால் R3 வழியாகக் கரண்ட் ஓட இடமில்லை. கரண்ட் இல்லாத ரெசிஸ்டரில் வோல்டேஜ் விழாது. ஆகவே B-யிலும் அதே 8. நம் மீட்டர் காட்டியது இதைத்தான். மாற்ற வேண்டியது R4. R3 நல்ல நிலையில் இருக்கிறது.

வோல்டேஜ் மட்டும் போதாத இடமும் இதே சுற்றில் உண்டு. A-யும் B-யும் 0 காட்டினால் R1 ஓப்பன் ஆகியிருக்கலாம், அல்லது R2 ஷார்ட் ஆகியிருக்கலாம். R1-ன் இரு கால்களுக்கு நடுவே அளந்தாலும் பயனில்லை, இரண்டிலும் 12 வோல்ட்தான் வரும். அப்போது கரண்டைப் பார்க்க வேண்டும். R1 அறுந்திருந்தால் கரண்டே இருக்காது; R2 ஷார்ட் என்றால் வழக்கமான 6 மில்லி ஆம்பியருக்குப் பதில் 12 மில்லி ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் தானாக ஷார்ட் ஆவது அரிது. பெரும்பாலும் அது கருகி ஓப்பன்தான் ஆகும். எனவே ஷார்ட் என்று கணக்கு காட்டினால், கால்களுக்கு நடுவே சால்டர் வழிந்து ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அளவு கணக்கோடு அப்படியே பொருந்தாது. 5 சதவீத வேறுபாடுள்ள ரெசிஸ்டர்கள் என்றால் A-யில் 5.7 முதல் 6.3 வரை எது வந்தாலும் பழுதில்லை. மெகா ஓம் அளவிலுள்ள ரெசிஸ்டர்களில் மீட்டரே ஒரு பாதையாகிவிடும். இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களுக்கு நடுவே 6 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில், 10 மெகா ஓம் உள் எதிர்ப்புள்ள டிஜிட்டல் மீட்டர் சுமார் 5.7-ஐத்தான் காட்டும்.

R4-ஐ உறுதிசெய்ய, சப்ளையை நிறுத்தி, அதன் ஒரு காலை மட்டும் சால்டரிலிருந்து விடுவித்து ஓம் அளவில் பாருங்கள். இரு கால்களும் போர்டிலேயே இருந்தால் R3, R2 வழியாகச் சுற்றி வரும் 3 கிலோ ஓம்தான் மீட்டரில் தெரியும். சப்ளை பக்கம் வேறு பாதை இருந்தால் அதுவும் மாறும். காலைத் தூக்கிய பிறகு மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் R4 அறுந்தது உறுதி.