வராதவருக்கும் நன்றி சொல்லும் மின்னஞ்சல்

“வெபினாரில் கலந்துகொண்டமைக்கு நன்றி! முழு வீடியோவின் இணைப்பு கீழே. சந்தேகம் இருந்தால் அழையுங்கள்.” வெபினார் முடிந்த மறுநாள், பெயர் கொடுத்த எல்லோருக்கும் போகிற மின்னஞ்சல் பெரும்பாலும் இதுதான். வராதவர், வராததற்கு நன்றி வாங்கிக்கொள்கிறார். வந்தவரோ ஒரு மணி நேரம் கேட்டதையே மறுபடி கேட்கவேண்டுமாம்.

கணக்கு மென்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்று, மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் சிறு வணிகர்களுக்காக 12ஆம் தேதி வெபினார் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் பில்களை ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒப்பிட்டு உள்ளீட்டு வரி வரவு எடுப்பது எப்படி என்பது தலைப்பு.

வந்தவருக்கு முறை தெரிந்துவிட்டது. செய்து பார்ப்பதுதான் பாக்கி. ஆனால் 2பி அறிக்கை 14ஆம் தேதிதான் தயாராகும். 13ஆம் தேதி எழுதி என்ன பயன்? 14ஆம் தேதி இப்படி எழுதலாம்: “இந்த மாத 2பி வந்துவிட்டது. வெபினாரில் பார்த்த ஒப்பீட்டுத் தாளை இணைத்திருக்கிறோம். 20ஆம் தேதி 3பி தாக்கலுக்கு முன், உங்கள் பில்களில் எவை 2பியில் இல்லை என்று பார்த்துவிடுங்கள்.” வீடியோ இணைப்பு கடைசி வரியில் இருந்தால் போதும்.

வராதவருக்கு மறுநாளே எழுதலாம். ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவரிடம் அதே ஒரு மணி நேரத்தை நீட்டக்கூடாது. “2பியில் இல்லாத பில்லை என்ன செய்வது? இந்த ஆறு நிமிடத்தில் விடை இருக்கிறது” என்று எழுதி, அந்த இடத்திலேயே வீடியோ தொடங்கும்படி இணைப்பு கொடுங்கள். யூடியூபில் ஏற்றியிருந்தால், 18ஆவது நிமிடத்துக்கு இணைப்பின் கடைசியில் `&t=1080s` சேர்த்தால் போதும். கேள்விக்குறி இல்லாத குறு இணைப்பானால் `?t=1080s`.

ஆட்களைப் பிரிப்பதில்தான் சறுக்கல் நேரும். ஜூம் தரும் வருகை அறிக்கையில் வந்தாரா இல்லையா என்பதோடு, எத்தனை நிமிடம் இருந்தார் என்பதும் இருக்கும். இணைப்பு அறுந்து மீண்டும் சேர்ந்தவர் இரண்டு மூன்று வரிகளில் வருவார். மின்னஞ்சல் முகவரியை வைத்து நிமிடங்களைக் கூட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் கிளம்பியவரை வந்தவராக எண்ணாமல், வராதவர் பட்டியலில் சேர்ப்பதே என் கணக்கில் சரி. கடையில் ஒரே கணினி முன் முதலாளியும் கணக்கரும் சேர்ந்து பார்த்திருந்தால், ஒருவர் வராதவர் என்றே பதிவாகும். அதனால் “நீங்கள் வரவில்லையே” என்ற வரி எந்த மின்னஞ்சலிலும் வேண்டாம்.

ஜூமிலேயே வந்தவர், வராதவர் இருவருக்கும் தனித்தனி மின்னஞ்சல் அனுப்பும் வசதி உண்டு. ஆனால் பாதியில் போனவரை அது தனியே பிரிக்காது. அந்த வேலையை எக்செல்லில் நீங்கள்தான் செய்யவேண்டும்.