கரிசல் காட்டு வீடும் தண்ணீர்க் கணக்கும்

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கம் சித்திரை வெயிலில் கரிசல் காட்டுக்குள் இறங்கினால், காலடியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் அதே மண் ஊறி உப்பி, வெடிப்புகளை மூடிக்கொண்டு, செருப்பைப் பிடித்து இழுக்கும். பருத்திக்கு வாய்த்த இந்தக் குணம்தான் வீட்டுக்கு வில்லங்கம். ஆழமில்லாத கடைக்கால் போட்ட வீடுகளில் மழைக்காலத்தில் கதவு நிலையில் சிக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடும். அந்த விரிசல் பருவத்துக்குப் பருவம் அகலம் மாறிக்கொண்டே இருந்தால், காரணத்தைப் பூச்சில் தேட வேண்டாம், அடிமண்ணில் தேட வேண்டும்.

கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். அது மெல்லிய தகடுகள் அடுக்கியது. தண்ணீர் அந்தத் தகடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குகிறது. காய்ந்தால் தகடுகள் மறுபடி நெருங்குகின்றன. ஆகவே இந்த மண்ணில் வீடு கட்டப்போகிறவர் முதலில் அறிய வேண்டியது, மண் எவ்வளவு உப்பும் என்பது.

அதற்கான சோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. கடைக்கால் நிற்கப்போகும் ஆழத்திலிருந்து மண் எடுக்க வேண்டும், மேல்மண் உதவாது. அதை அடுப்பில் உலர்த்தி, பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலிக்கிறார்கள். அளவுக்கோடு போட்ட இரண்டு 100 மில்லி கண்ணாடிக் குழாய்களில் தலா 10 கிராம் போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றதில் காய்ச்சி வடித்த நீரும் 100 மில்லி வரை ஊற்றுகிறார்கள். காற்றுக் குமிழ் போகக் கலக்கிவிட்டு, குறைந்தது 24 மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும். மண்ணெண்ணெய் அந்தத் தகடுகளை விலக்காது. அதனால் அதில் படிந்த மண் உப்பாத அளவைக் காட்டுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மண்ணின் குணம்.

உப்பல் குறியீடு (%) = (நீரில் கன அளவு − மண்ணெண்ணெயில் கன அளவு) ÷ மண்ணெண்ணெயில் கன அளவு × 100

ஒரு மாதிரியை வைத்துக் கணக்குப் போடலாம். மண்ணெண்ணெயில் 10 மில்லி, நீரில் 22 மில்லி என்றால் குறியீடு 120 சதவீதம். 50-க்குக் கீழே என்றால் அச்சம் குறைவு. 100-ஐத் தாண்டினால் கடுமையாக உப்பும் மண் என்று இந்தியத் தர நெறி வகைப்படுத்துகிறது.

ஒரே சோதனையை நம்பி முடிவெடுப்பது சரியல்ல. கூடவே பார்க்க வேண்டியது, சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911-இல் வகுத்த இரண்டு எல்லைகள். மண் எவ்வளவு ஈரத்தில் கூழாக ஓடத் தொடங்குகிறது என்பது நீர்ம எல்லை. எவ்வளவு ஈரத்தில் குழைவை இழந்து பொடியத் தொடங்குகிறது என்பது குழைவு எல்லை. குழைவு எல்லைக்குக் கருவிகூட வேண்டாம். ஈரமண்ணைக் கண்ணாடிப் பலகையில் உள்ளங்கையால் திரிபோல உருட்டுகிறார்கள். சரியாக 3 மி.மீ. பருமனுக்கு வரும்போது திரி விண்டு உதிர்ந்தால் அந்த ஈரம்தான் எல்லை. ஈரத்தைக் கணக்கிடும் முறை இது:

ஈரப்பதம் (%) = (ஈர எடை − உலர் எடை) ÷ உலர் எடை × 100

வகுப்பது உலர் எடையால் என்பதைக் கவனிக்க வேண்டும். ஈர எடையால் வகுத்து, எண் குறைவாக வந்துவிடுவது அடிக்கடி நேரும் பிழை. நம் மாதிரியின் நீர்ம எல்லை 62, குழைவு எல்லை 31 என்று கொண்டால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி 31. இதுவும் கடுமையான உப்பலையே சொல்கிறது. இரண்டு சோதனைகளும் ஒத்துப்போகின்றன.

இப்படிப்பட்ட இடத்தில் ஈரம் பருவத்துக்குப் பருவம் மாறாத ஆழம் வரை போய்த்தான் நிற்க வேண்டும். கரிசலில் அது பொதுவாக 3.5 மீட்டர். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய குமிழ் பைல் இதற்கு நல்ல விடை. 300 மி.மீ. விட்டத்தில் குழி தோண்டி, அடியில் மட்டும் இரண்டரை மடங்காக, 750 மி.மீ.க்குக் குடைந்து கான்கிரீட் நிரப்புகிறார்கள். மேல்மண் உப்பித் தூக்கப் பார்த்தாலும் குமிழ் பிடித்துக்கொள்ளும். பைல்களை இணைக்கும் பீமுக்கும் தரைக்கும் நடுவே சுமார் 80 மி.மீ. இடைவெளி விட வேண்டும். அந்தச் சந்தில் மண்ணைப் போட்டு அடைத்துவிட்டால் செலவழித்தது வீண். மண் உப்பும்போது பீமையே தூக்கிவிடும்.

அந்தப் பைலுக்குள் போகும் கான்கிரீட்டிலும் கணக்குப் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். உப்புக் காற்று போன்ற தொல்லை இல்லாத இடத்தில், கம்பி கட்டிய எம்-20 கான்கிரீட்டுக்கு நீர்-சிமென்ட் விகிதம் 0.55-ஐத் தாண்டக் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 27.5 லிட்டர். சிமென்ட் முழுதாக வினைபுரிய அதில் சுமார் 20 லிட்டரே போதும். மிச்சம் கலவை இளகுவதற்காக. அந்த மிச்சம் பின்னால் வெளியேறி, போன இடத்தில் நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. தண்ணீர் கூடக் கூட வலு குறையும் இந்த உறவை அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் விதியாகவே எழுதிவைத்தார்.

இனி மணலுக்கு வருவோம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 1:1.5:3 கலவையில் ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 75 கிலோ மணல். அதில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் 3.75 லிட்டர் தண்ணீர் மணலோடே வந்துவிட்டது. அப்படியானால் ஊற்ற வேண்டியது 27.5 அல்ல, 23.75 லிட்டர்தான். இதைக் கழிக்காமல் ஊற்றி, "கலவை இறுகலா இருக்கு, இன்னும் கொஞ்சம் விடுங்கண்ணே" என்று சித்தாள் கேட்கும்போது மேலும் நாலு லிட்டர் சேர்த்தால், விகிதம் 0.7-ஐத் தொட்டுவிடும்.

ஈரமணலுக்கு இன்னொரு குணம் உண்டு. துகள்களைச் சுற்றிய நீர்ப்படலம் அவற்றை விலக்கிவைப்பதால் மணல் பார்வைக்கு அதிகமாகத் தெரியும். பெட்டி வைத்து அளப்பவர்கள் ஏமாறுவார்கள். இதை வேலையிடத்திலேயே அளக்கலாம். நேரான சுவர் உள்ள ஒரு பாத்திரத்தில் ஈரமணலை அழுத்தாமல் 200 மி.மீ. உயரம் நிரப்புங்கள். வெளியே எடுத்து, பாத்திரத்தில் பாதி நீர் விட்டு, மணலைத் திரும்பப் போட்டுக் கிளறுங்கள். முழுதும் நனைந்த மணல் அடங்கிப் படியும். 160 மி.மீ.க்கு இறங்கினால் உப்பல் (200 − 160) ÷ 160 × 100, அதாவது 25 சதவீதம். நான்கு பெட்டி போட வேண்டிய இடத்தில் ஐந்து பெட்டி போட வேண்டும். போடாவிட்டால் ஜல்லி தூக்கலாகி, பெட்டி பிரித்ததும் கம்பியைச் சுற்றிப் பொத்தல் பொத்தலாகத் தெரியும்.

கலவை தயாரானதும் 300 மி.மீ. உயரக் கூம்பில் அடுக்கடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து குத்தி, கூம்பை நேராக மேலே தூக்குகிறார்கள். கான்கிரீட் எவ்வளவு அமர்ந்தது என்பதே ஸ்லம்ப். அது இளக்கத்தைச் சொல்லும், வலுவைச் சொல்லாது. ஆனால் ஒரே கலவையில் முந்தைய லோடு 75 மி.மீ., அடுத்தது 130 மி.மீ. என்று அமர்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீரையே.

வலுவுக்கு 150 மி.மீ. கியூப். 28 நாள் நீரில் வைத்து எந்திரத்தில் நசுக்குகிறார்கள்.

வலு = உடைந்த சுமை ÷ பரப்பு

பரப்பு 150 × 150 = 22,500 சதுர மி.மீ. 4,50,000 நியூட்டனில் உடைந்தால் வலு 20. எம்-20 என்பதில் உள்ள 20 இதுதான். ஆனால் கலவையை வடிவமைப்பவர் 20-ஐக் குறிவைக்க மாட்டார். கியூபுக்குக் கியூப் வலு மாறும் என்பதால் 20 + 1.65 × 4 = 26.6 என்று வைப்பார். அந்த 4 என்பது வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு. 100 கியூபில் ஐந்துக்கு மேல் 20-க்குக் கீழே இறங்காதிருக்க இந்த ஏற்பாடு.

28 நாள் காத்திருந்தால் அதற்குள் மேல்தளம் ஏறிவிடும். ஆகவே ஏழாம் நாளிலேயே சில கியூப்களை உடைத்துப் பார்ப்பது வழக்கம். சாதாரண சிமென்ட் என்றால் இறுதி வலுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதற்குள் வந்திருக்க வேண்டும். 26.6 குறிவைத்த கலவை ஏழாம் நாளில் 11, 12 என்று காட்டினால், அடுத்த தளத்துக்குக் கம்பி கட்டுவதை நிறுத்திவிட்டு, அன்றைய மணல் ஈரமும் ஊற்றிய லிட்டரும் எழுதிய நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டும்.