‘மேல கீறல்தானே, ஒண்ணும் ஆகல!’ - கீழே விழுந்த சைக்கிள் ஹெல்மெட்டை மறுபடியும் போடலாமா?

ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டும் ஒருவர், ஓரத்து மணலில் சறுக்கி இடது பக்கமாக விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முழங்கையில் சிராய்ப்பு, ஹெல்மெட்டின் இடது பக்கம் நாலைந்து கீறல். “தலைக்கு ஒண்ணும் ஆகல, ஹெல்மெட்டும் நல்லாத்தான் இருக்கு” என்று அடுத்த வாரமும் அதையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த ஹெல்மெட்டின் வேலை அநேகமாக அன்றைக்கே முடிந்திருக்கும். அது ஏன்?

காப்பாற்றுவது ஓடு அல்ல!

சைக்கிள் ஹெல்மெட்டின் மேலோடு மெல்லிய பிளாஸ்டிக். பெரும்பாலும் பாலிகார்பனேட். தலை ரோட்டில் சிக்கி கழுத்து திரும்பாமல் வழுக்கிச் செல்ல வைப்பது, உள்ளே இருப்பது துண்டு துண்டாகச் சிதறாமல் பிடித்து வைப்பது, இவைதான் அதன் முக்கிய வேலைகள். அடியை வாங்குவது அதற்குக் கீழே இருக்கும் இபிஎஸ் நுரை. பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் பழசுதான். டிவி பெட்டிக்குள் வருமே, அந்தத் தெர்மாகோலின் இன்னும் இறுக்கமான வடிவம்.

ஐரோப்பியத் தரமான இ.என். 1078 சோதனையில், தலை மாதிரிக்கு ஹெல்மெட்டை மாட்டி நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்பின் மீது மோத விடுகிறார்கள். சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம் இது. தலை உணரும் அதிர்வு, புவியீர்ப்பைப்போல 250 மடங்கைத் தாண்டக் கூடாது. இதே வேகத்தில் வரும் தலை, நுரை 2 செ.மீ. நசுங்குவதற்குள் சீராக நின்றால் அதிர்வு சுமார் 75 மடங்குதான். அரை செ.மீ.க்குள் நிற்க வேண்டியிருந்தால் 300 மடங்கு! நசுங்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், நசுங்கிய இபிஎஸ் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால் மேலோடு வளைந்து பழையபடி நிமிர்ந்துகொள்ளும். அதனால்தான் வெளியே கீறல் மட்டும் தெரிகிறது, உள்ளே நுரை செத்துக் கிடக்கிறது.

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

உள்ளே ஒட்டியிருக்கும் துணிப் பஞ்சுகளை முதலில் பிய்த்து எடுங்கள். அவை சௌகரியத்துக்குத்தான். நல்ல வெளிச்சத்தில் நுரையை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். முடி அளவு விரிசல்கூட போதும், ஹெல்மெட் அவுட். பிறகு அடிபட்ட இடத்தையும் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தையும் கட்டைவிரலால் அழுத்தி ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மெலிந்தோ தட்டையாகவோ இருந்தால் அங்கே நசுங்கியிருக்கிறது. மேலோட்டில் வெள்ளையாகச் சுருக்கம் விழுந்திருந்தாலும், நுரையை விட்டு ஓடு பெயர்ந்திருந்தாலும் அதே கதைதான்.

இதில் ஒன்றுமே தென்படவில்லை என்றால்? தலையோடு சேர்ந்து அடிபட்டிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். லேசான நசுங்கலை கண்ணும் விரலும் கண்டுபிடிக்காது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டும் யோசனையே வேண்டாம். சில பசைகளும், பெட்ரோலும், தின்னரும் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

மேஜையிலிருந்து கை தவறி விழுந்ததற்கெல்லாம் பதற வேண்டியதில்லை. 300 கிராம் ஹெல்மெட் ஒரு மீட்டரிலிருந்து தனியாக விழுந்தால் ஆற்றல் சுமார் 3 ஜூல். 5 கிலோ எடையுள்ள தலை ஒன்றரை மீட்டரிலிருந்து விழுந்தால் 70 ஜூலுக்கு மேல். கணக்கே வேறு. விரிசல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

“உள்ள நல்லா மெத்துனு இருக்கு சார்” என்று கடைக்காரர் பஞ்சை அமுக்கிக் காட்டுவார். அதில் மயங்க வேண்டாம். ஹெல்மெட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஓடும் நுரையும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டியிருப்பது நல்லது. விலை குறைந்தவற்றில் தனியாகச் செய்த ஓட்டை டேப்பால் சுற்றி ஒட்டியிருப்பார்கள். அதுவும் சோதனையில் தேறியதாக இருக்கலாம், ஆனால் நாளடைவில் ஓரம் பிரியும்.

உள்ளே இ.என். 1078 அல்லது அமெரிக்காவின் சி.பி.எஸ்.சி. முத்திரை, தயாரித்த மாதம், ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பைக் ஹெல்மெட்டில் இருக்கும் ஐ.எஸ். 4151 வேறு தரம். ஸ்கேட்டிங் ஆடும் பிள்ளைகளுக்கு இபிபி என்ற இன்னொரு நுரை இருக்கிறது. நசுங்கினாலும் மெதுவாக மீண்டுவரும் என்பதால் சின்னச் சின்ன அடிகளைப் பலமுறை தாங்கும். ஆனாலும் பெரிய விழுதலுக்குப் பிறகு அதையும் மாற்றத்தான் வேண்டும்.

விழாவிட்டாலும் 5 முதல் 10 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது சி.பி.எஸ்.சி. வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைத்து ஓடு கொப்பளித்திருந்தால், அதுவரைகூட காத்திருக்க வேண்டாம். தூக்கிப் போடும்போது தாடைப் பட்டையை இரண்டாக வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் குப்பையிலிருந்து யாராவது எடுத்து, பிள்ளைக்கு மாட்டிவிடுவார்கள்.