நாற்பத்திரண்டு பேரும் பாடிப் போக

ஏழாம் வகுப்பில் 42 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பி.டி. பீரியட் 40 நிமிடம். மைதானத்துக்கு வந்து, வரிசையில் நின்று, உடம்பைச் சூடாக்கி முடிப்பதற்குள் 16 நிமிடம் ஓடிவிடும். மிச்சம் 24. மாஸ்டர் விசில் ஊதுகிறார். அணிக்கு ஏழு பேராகக் கபடி ஆரம்பமாகிறது. ஒருவர் பாடிப் போய்த் திரும்பி, அடுத்தவர் கிளம்ப 40 விநாடி ஆகும் என்று கணக்கிட்டால், அந்த 24 நிமிடத்தில் 36 ரெய்டுகள்தான் நடக்கும். அதிலும் பெரும்பகுதியை ஊர் கிளப்பில் ஆடிப் பழகிய மூன்று நான்கு பேரே எடுத்துக்கொள்வார்கள். களத்தில் இடம் கிடைக்காத 28 பேர் மரத்தடியில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்புவார்கள்.

பல பள்ளிகளில் ‘கபடி நடத்தினோம்’ என்பதற்கு இதுதான் பொருள். ஒரு பருவம் முழுக்க இப்படியே ஆடினாலும் ஆடத் தெரிந்தவர்கள்தான் இன்னும் தேர்வார்கள். தெரியாதவர்கள் ஜூன் மாதம் நின்ற இடத்திலேயே செப்டம்பரிலும் நிற்பார்கள்.

முதலில் மாற்ற வேண்டியது களம். 16 வயதுக்கு உட்பட்ட சப்-ஜூனியர் பிரிவுக்கான களம் 11 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அதை ஓரமாக வைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொடியால் 7 மீட்டருக்கு 5 மீட்டராக ஐந்து சின்னக் களங்கள் போடலாம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இரண்டு மீட்டராவது இடைவெளி வேண்டும். களத்துக்கு எட்டுப் பேர், நாலுக்கு நாலு. ஆக 40 பேர் ஆடுகிறார்கள். மீதி இரண்டு பேர் புள்ளி எழுதுகிறார்கள், அவர்களும் முறை மாறி உள்ளே வருவார்கள். ரெய்டுக்கு 15 விநாடி, இடைவெளியோடு 20. அதே 24 நிமிடத்தில் ஒவ்வொரு களத்திலும் 72 ரெய்டுகள். எல்லாரும் ஒருமுறை போன பிறகே யாரும் இரண்டாம் முறை போகலாம் என்று ஒரு விதி சேர்த்துவிட்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டு அல்லது ஒன்பது ரெய்டு கிடைக்கும். இடம் நெருக்கமாக இருப்பதால் எதிரணியைத் தொடுவதும் எளிது. புதிதாக ஆட வருகிறவர்களுக்கு அது நல்லது.

அடுத்தது, கபடிக்குள்ளேயே இருக்கிற ஒரு சிக்கல். தொடப்பட்டவர் வெளியே போய் உட்கார வேண்டும். தன் அணி புள்ளி எடுத்தால்தான், வெளியேறிய வரிசைப்படி, அவர் திரும்ப உள்ளே வர முடியும். தேர்ந்த ஆட்டக்காரர்களிடையே ஆட்டத்துக்கு உயிரே இந்த விதிதான். கலவையான வகுப்பிலோ அது நேர்மாறாக வேலை செய்கிறது. ஆடத் தெரியாத பிள்ளைதான் முதலில் அவுட் ஆகும், அதிக நேரம் வெளியே உட்காரும். யாருக்கு ஆட்டப் பழக்கம் மிகவும் தேவையோ அவருக்கே அது குறைவாகக் கிடைக்கும். அதனால் முதல் ஐந்து வாரங்களுக்கு வெளியே உட்காருவதே வேண்டாம். தொட்டால் புள்ளி, பிடித்தால் புள்ளி, ஆள் களத்திலேயே இருப்பார். ஆறாம் வாரம் அவுட்டும் திரும்பி வருவதும் சேரும்போது, அந்த விதி எதற்கு என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே புரியும்.

பருவத்தைத் தேர்ந்தெடுப்பதும் திட்டத்தில் சேர்த்திதான். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண் களம் சேறாகிவிடும். ஜூனில் தொடங்கும் முதல் பருவத்தில் வாரம் இரண்டு பீரியடாகப் பன்னிரண்டு வாரம் கிடைத்தால் நிதானமாகச் செய்யலாம்.

முதல் இரண்டு வாரம் பிடி கிடையாது. இடுப்பின் பின்பக்கம் ஒரு துணிப் பட்டையைச் செருகிக்கொள்ள வேண்டும். திரும்பி ஓடும் ரெய்டரிடமிருந்து அதை உருவினால் பிடித்ததாகக் கணக்கு. உடம்பு மோதாததால் பையன்களும் பெண்களும் சேர்ந்தே ஆடலாம்.

இந்த வாரங்களில் கவனிக்க வேண்டிய இடம் நடுக்கோடு. புதிதாகப் பாடிப் போகும் பிள்ளை கோட்டைத் தாண்டி ஓரடி வைக்கும், ‘கபடி கபடி’ என்று வாய்க்குள் முணுமுணுக்கும், யாரும் கிட்ட வரும் முன்பே திரும்பிவிடும். கால் முன்னால் இருந்தாலும் உடம்பின் பாரம் முழுக்கப் பின்காலில் இருக்கும்; பார்வை எதிரணியின் காலில் இல்லாமல் முகத்தில் இருக்கும். விதிப்படி ரெய்டர் யாரையாவது தொட வேண்டும், அல்லது ஒருமுறையாவது பாக் லைனைத் தாண்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அவர் அவுட். சின்னக் களத்தில் நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டரில் அந்தக் கோட்டைப் போட்டு, தாண்டினாலே ஒரு புள்ளி என்று வைக்கலாம். பயந்த பிள்ளைக்கு, ஓர் ஆளைத் தொடுவதைவிட ஒரு கோட்டைத் தாண்டுவது கைக்கெட்டும் வேலை.

குரல் எழாததற்குக் காரணம் பெரும்பாலும் மூச்சுக்குறைவு அல்ல, கூச்சம். பத்துப் பேர் பார்க்கத் தனியாகக் கத்துவது பன்னிரண்டு வயதில் லேசான காரியமில்லை. முதல் வாரத்தில் ரெய்டரோடு சேர்ந்து அவர் அணியே பாடட்டும், இரண்டாம் வாரத்தில் ஒரு துணைக்குரல், அதன்பிறகு தனிக்குரல். சடுகுடு ஆடிய தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், அவர்கள் என்ன பாடிப் போனார்கள் என்று கேட்டு வரச் சொல்லலாம். கூச்சம் விடும்வரை அந்தப் பாட்டையே பாடிப் போகட்டும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஐந்து விநாடி ரெய்டு போதும். அதைப் பெற்றோரிடம் கேட்டு முதல் நாளே குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வாரம் முழுவதும் விழக் கற்பதற்கு. இதைத் தாண்டிப் போகும் அவசரம் எல்லா மாஸ்டருக்கும் வரும். ஆனால் இங்கே ஒரு வாரத்தை மிச்சம் பிடித்தால் மணிக்கட்டு எலும்பில் விலை கொடுக்க நேரும். விழப்போகிறவர் இயல்பாகவே உள்ளங்கையை நீட்டித் தரையில் ஊன்றுவார். உடல் எடை முழுக்க அந்தக் கையில் இறங்கும். அதற்குப் பதிலாகக் குந்திய நிலையிலிருந்து பக்கவாட்டில் தொடை, இடுப்பு, தோள் என்று வரிசையாக மண்ணைத் தொட்டு உருளப் பழக்க வேண்டும். பிறகு நின்றபடி, அதன்பிறகு நடந்தபடி. தரையும் அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும். கல் பொறுக்கி, கொத்திவிட்டு, சலித்த மண்ணோடு மரத்தூளும் கலந்து பரப்பினால் போதும். நகம் வெட்டியிருக்க வேண்டும். வளையல், கொலுசு, கம்மல், மோதிரம் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும்.

நான்காம், ஐந்தாம் வாரங்களில் பிடி. ஏழாம் வகுப்பில் 27 கிலோ பிள்ளையும் இருக்கும், 50 கிலோ பிள்ளையும் இருக்கும். சப்-ஜூனியர் போட்டிகளில் எடைக்கு உச்சவரம்பு உண்டு. வகுப்பில் அந்தக் காப்பு இல்லை. எடை பார்த்து ஜோடி சேர்ப்பது ஆசிரியரின் பொறுப்பு. பெண்களுக்கும் பையன்களுக்கும் இங்கிருந்து தனித்தனிக் களம்.

முதல் பாடம் கணுக்கால் பிடி. ரெய்டர் அசையாமல் ஒரு காலை முன்னால் நீட்டி நிற்கிறார். பிடிப்பவர் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, இரண்டு கையாலும் கணுக்காலைப் பற்றி, மார்பைக் காலோடு ஒட்ட வைக்கிறார். தலை எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாம். ரெய்டரின் முழங்காலுக்கு நேர் முன்னால் முகம் இருந்தால், அவர் காலை உதறும் வேகம் மூக்கிலோ பல்லிலோ இறங்கும். தலை தொடைக்கு வெளிப்புறமாக, பின்பக்கம் போயிருக்க வேண்டும். மாஸ்டர் ஒவ்வொரு ஜோடியாகப் போய், பிடிப்பவரின் காது ரெய்டரின் தொடையை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பிடிக்கும்போது கண்ணை மூடுகிற, முகத்தைத் திருப்புகிற பிள்ளை இன்னும் தயாராகவில்லை. அவரை விழும் பயிற்சிக்கே திருப்பி அனுப்பலாம், அதில் குறைவொன்றும் இல்லை. கை கால், நடு உடம்பு தவிர வேறெங்கும் பிடிக்கக் கூடாது. வாயைப் பொத்தக் கூடாது. முடியையும் உடையையும் இழுக்கக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

வேகமாக ஓட முடியாத, கனத்த உடம்புள்ள பிள்ளைகள் ஆட்டத்துக்குள் வருவது இந்த வாரங்களில்தான். காத்திருந்து சரியான கணத்தில் பற்றுவதற்கு ஓட்ட வேகம் அவ்வளவாகத் தேவையில்லை. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணியின் தலைவராக புரோ கபடி கோப்பையை வாங்கியபோது நாற்பது வயதைக் கடந்திருந்தார். அவர் பேர் வாங்கியது பிடியில்.

அப்படியானால் கிளப்பில் ஆடும் அந்த ஆறு பேர்? அவர்களைத் தனியாக ஒதுக்கினால் மற்றவர்கள் பார்த்துக் கற்க ஆளில்லை. கட்டுப்பாடின்றி விட்டால் ஆட்டத்தையே விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்கு நிபந்தனை போட வேண்டும். கையால் தொட்டால் புள்ளி இல்லை, காலால் தொட்டால்தான். ரெய்டுக்கு பத்தே விநாடி. தவிர, போனஸ் கோடு. பாக் லைனுக்கு அப்பால் ஒரு மீட்டரில் இருக்கும் அந்தக் கோட்டை ஒரு கால் தாண்டி ஊன்றும்போது பின்கால் தரையில் படாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும். பெரியவர்களே தடுமாறும் இடம் அது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஒரு பருவம் முழுக்க அதில் வேலை இருக்கிறது.

ஆறு, ஏழாம் வாரங்களில் பெரிய களத்தில் கார்னர், இன், கவர், சென்டர் என்று இடங்கள் அறிமுகமாகும். கைகோத்து நிற்கும் செயினில் ஒருவர் மற்றவரின் மணிக்கட்டைப் பற்ற வேண்டும். விரலோடு விரல் கோத்தால் இழுபறியில் விரல் பிசகும். புதியவர்கள் இங்கே செய்யும் பிழை, ரெய்டர் வந்ததும் கூட்டமாகப் பின்வாங்கிக் கடைசிக் கோட்டைத் தாண்டிவிடுவது.

எட்டு முதல் பதினொன்றாம் வாரம் வரை லீக். ஆறு அணி, அணிக்கு ஏழு பேர், கிளப் பிள்ளை ஒருவர். பெண்களும் பையன்களும் கலந்த அணிகள் என்பதால், கலந்து ஆடும் ஆட்டங்களில் பிடிக்குப் பதில் பழைய துணிப் பட்டை திரும்பிவரும். பிடி உள்ள ஆட்டம் தனித்தனிக் களங்களில் தொடரும். எல்லா அணியும் ஒன்றோடொன்று மோத 15 ஆட்டம். பீரியடுக்கு இரண்டு வீதம் எட்டுப் பீரியடில் அவை முடிந்து, இறுதி ஆட்டத்துக்கும் இடமிருக்கும். பெரிய களத்தில் 14 பேர் ஆடும்போது 24 பேர் மூன்று சின்னக் களங்களில் ஆடுவார்கள். மிச்சம் நான்கு பேர் நடுவரும் புள்ளி எழுதுபவரும். முறை மாறாமல் எல்லாரும் ரெய்டு போகும் விதி லீக்கிலும் உண்டு. பருவத்தில் முதன்முறையாகத் தொட்டுத் திரும்பும் பிள்ளைக்கு இரண்டு புள்ளி என்று வைத்துப் பாருங்கள், ‘நீ போடா, நீ போடீ’ என்று அணியே தள்ளிவிடும்.

சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடிய பிறகு, கபடி கேட்டு வரும் பெண் பிள்ளைகளை மறுக்கப் பள்ளிகளிடம் காரணம் இல்லை. அவர்களுக்குத் தனிக்களம் ஒதுக்குவதோடு நிற்காமல், நடுவர் விசிலையும் முறை வைத்துக் கொடுக்க வேண்டும்.

மதிப்பீட்டுக்கு ஒரு நோட்டும் மூன்று கட்டமும் போதும்: கோட்டைத் தாண்டினாரா, தொட்டாரா, திரும்பினாரா. முதல் வாரம் ஆளுக்கு ஐந்து ரெய்டு பார்த்துக் குறித்துவைத்ததை, பன்னிரண்டாம் வாரம் அதே சின்னக் களத்தில், அதே நாலு பேருக்கு எதிராக மறுபடி குறிக்க வேண்டும். ஜூனில் ஐந்துக்கு ஒன்று என்றிருந்த பிள்ளை செப்டம்பரில் ஐந்துக்கு நாலு முறை கோட்டைத் தாண்டியிருந்தால், ஒருமுறைகூடத் தொடாமல் போயிருந்தாலும், அந்தப் பக்கத்தை அவரிடமே காட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போகலாம்.