பணம் எந்த ரன்னில் வரும்?

ஈத்தாமொழிப் பக்கம் தேங்காய்நாரில் கால்மிதி நெய்து, சென்னையிலுள்ள ஒரு பெரிய கம்பெனிக்கு அனுப்பும் சிறு தொழிற்கூடம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சரக்கு போய்ச் சேர்ந்தாயிற்று. பில்லை வென்டர் போர்ட்டலில் ஏற்றியாயிற்று. திரையில் `Approved` என்று காட்டுகிறது. வாரங்கள் போகின்றன, பணம் மட்டும் வரவில்லை. கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவைக் கேட்டால், "பிராசஸில் இருக்கிறது" என்ற ஒரே பதில்தான்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. இத்தனை பெரிய கம்பெனியில், இன்று யாருக்குப் பணம் கொடுக்கலாம் என்று பில் பில்லாகப் பார்த்து யாரும் முடிவெடுப்பதில்லை. குறித்த நாளில் ஒரு கணினி நிரல் ஓடி, ஆயிரக்கணக்கான பில்களிலிருந்து கட்ட வேண்டியவற்றைப் பொறுக்கி எடுக்கிறது. அதைத்தான் பேமென்ட் ரன் என்கிறார்கள். பல கம்பெனிகள் பயன்படுத்தும் எஸ்ஏபி மென்பொருளில் அந்த நிரலின் பெயர் `F110`.

அந்த நிரலை ஓட்டுகிறவர் இரண்டு தேதிகளைக் கொடுக்கிறார். ஒன்று இந்த ரன்னின் தேதி, மற்றது அடுத்த ரன்னின் தேதி. பிறகு ஒவ்வொரு பில்லிடமும் நிரல் கேட்பது ஒரே கேள்வி: இன்று கட்டாமல் விட்டால், அடுத்த ரன் வருவதற்குள் உன் கெடு தாண்டிவிடுமா? தாண்டும் என்றால் பில் இன்றைய பட்டியலில் ஏறும். தாண்டாது என்றால் அடுத்த ரன்னுக்குக் காத்திருக்கும். சில கம்பெனிகள் இதில் ஓரிரு நாள் சலுகை சேர்த்து வைப்பதுண்டு, ஆனாலும் அடிப்படை இதுதான்.

இந்தச் சின்ன விதி எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பதுதான் என்னை வியக்க வைப்பது. நமது கால்மிதிக்காரரின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். கம்பெனியின் ரன் மாதந்தோறும் 10, 25 தேதிகளில் நடக்கிறது. பில் தேதி ஜூன் 3. சரக்கு கிடங்கில் இறங்கி ஜிஆர்என் என்ற வரவுச்சீட்டு போட்டது ஜூன் 9. பில் கணக்கில் ஏறியது ஜூன் 16. ஒப்புக்கொண்ட கடன் காலம் 45 நாள்.

சரக்கு வந்த ஜூன் 9-லிருந்து எண்ணினால் கெடு ஜூலை 24. ஜூலை 10-ஆம் தேதி ரன் ஓடும்போது அடுத்த ரன் 25 என்று நிரலுக்குத் தெரியும். அதற்குள் கெடு தாண்டிவிடும் என்பதால் பில் ஜூலை 10-லேயே ஏறிவிடுகிறது. கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே பணம் கிளம்பிவிடும்.

இப்போது, எண்ணத் தொடங்கும் நாளாகக் கணக்கில் ஏறிய ஜூன் 16-ஐ வைத்திருந்தால்? கெடு ஜூலை 31 ஆகிறது. ஜூலை 10-இல் நிரல் பார்க்கிறது: அடுத்த ரன் 25, கெடு 31, அவசரமில்லை. பில் நின்றுவிடுகிறது. அது ஏறுவது ஜூலை 25-இல்தான். ஏழு நாள் தள்ளி எண்ணியதற்குப் பதினைந்து நாள் தாமதம். அதோடு, சரக்கைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணினால் அது 46-ஆம் நாள்.

அந்த ஒரு நாளும் சட்டப்படி பொருட்டானதுதான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு, அதை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு பேச இடம் தரவில்லை. எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டி. 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவும் சேர்ந்துகொண்டது. கெடு தாண்டிய தொகையை, உண்மையில் கட்டிய ஆண்டில்தான் கம்பெனி செலவாகக் காட்ட முடியும். மார்ச் நெருங்கும்போது அக்கவுன்ட்ஸ் பிரிவு இந்தப் பில்களைத் தேடித் தேடிக் கட்டுவதற்கு இதுவே காரணம். ஆனால் உத்யம் பதிவு இருந்தால் மட்டும் போதாது. அது வென்டர் விவரத்தில் ஏறியிருக்க வேண்டும். வாங்கி விற்கும் வியாபாரிக்கும் நடுத்தரத் தொழிலுக்கும் இந்தக் காப்பு கிடையாது.

திரையில் தெரிவதை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. `Approved` என்றால் பில்லை ஒருவர் ஒப்புக்கொண்டார் என்று மட்டுமே பொருள். அது ரன்னில் ஏறியது என்று பொருளல்ல. பணம் தரும் நாள் என்று போர்ட்டல் காட்டும் தேதியும் பெரும்பாலும் கெடு நாள்தான், ரன் நாள் அல்ல. இடையில் பேமென்ட் பிளாக் விழுந்திருந்தால் எந்தத் தேதிக்கும் மதிப்பில்லை. நிரல் அந்தப் பில்லைத் தாண்டிப் போய்விடும். ஆர்டர், வரவுச்சீட்டு, பில் மூன்றிலும் அளவோ விலையோ ஒத்துப்போகாதபோது பிளாக் தானாகவே விழும். ஆர்டரிலும் பில்லிலும் 500 மிதி, வரவுச்சீட்டில் 490 என்றால், பத்து மிதிக்காக முழுப் பில்லும் நிற்கும்.

ஜிஎஸ்டியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஜூன் மாதப் பில்லை விற்றவர் ஜூலை 11-க்குள் தாக்கல் செய்தால், வாங்கியவரின் 2பி பட்டியலில் அது ஜூலை 14-இல் தெரியும். அதைப் பார்த்த பிறகே வரிப் பகுதியை விடுவிப்போம் என்று வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. அங்கே ஜூலை 10 ரன்னில் சரக்கின் விலை மட்டும் வந்து, வரி 25-க்கு நிற்கும். குறைவாக வந்ததே என்று பதறுமுன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே போர்ட்டலில் கேட்கும் கேள்வி "பேமென்ட் எப்போது?" என்று இருக்கக் கூடாது. அதற்குப் "பிராசஸில் இருக்கிறது" என்பதற்கு மேல் யாரும் பதில் சொல்ல முடியாது. ஆர்டர் எண், பில்லில் உள்ளபடியே பில் எண், பில் தேதி, தொகை, தெரிந்தால் வரவுச்சீட்டு எண் ஆகியவற்றை முதல் வரியில் கொடுங்கள். பில் எண்ணில் ஒரு கோடோ சுழியமோ மாறினால்கூட அவர்கள் தேடும்போது கிடைக்காது. அடுத்து வரிசையாகக் கேளுங்கள்: பில் கணக்கில் ஏறிவிட்டதா, எந்தத் தேதியில்? கெடுவை எந்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறீர்கள், கெடு நாள் எது? பிளாக் ஏதும் இருக்கிறதா, எதற்காக? எந்தத் தேதி ரன்னில் ஏறும்? இவை ஒவ்வொன்றும் அந்த அலுவலர் திரையைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடியவை.

ரன் நாளும் பணம் கையில் வரும் நாளும் ஒன்றல்ல. நிரல் முதலில் ஒரு வரைவுப் பட்டியலைத் தருகிறது. அதை மேலதிகாரிகள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வங்கிக்குக் கோப்பு போகும். என்இஎஃப்டி 2019 டிசம்பர் முதல் எல்லா நாளும் 24 மணி நேரமும், அரை மணிக்கு ஒரு தொகுப்பாக ஓடுவதால், வங்கிப் பக்கத்துத் தாமதம் இன்று மிகக் குறைவு. ஓரிரு நாள் போனால் அது பெரும்பாலும் ஒப்புதலில் போவதுதான். பணம் அனுப்பிவிட்டோம் என்று சொன்னால் யுடிஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதைக் காட்டினால் உங்கள் வங்கிக் கிளை தேடித் தரும். எண் தர முடியவில்லை என்றால் பெரும்பாலும் பணம் இன்னும் புறப்பட்டிருக்காது.

இவை எல்லாவற்றையும் கெடு நாள் நெருங்கியதும் கேட்பதில் பயனில்லை. வரைவுப் பட்டியல் தயாரான பிறகு பிளாக்கை எடுத்தால் அந்த ரன் போய்விட்டது, இன்னும் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டியதுதான். சரக்கு இறங்கிய வாரத்திலேயே வரவுச்சீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பில் ஏறியதும் கெடுவை எண்ணத் தொடங்கிய நாளைக் கேளுங்கள். அது சரக்கு ஏற்றுக்கொண்ட நாளாக இல்லையென்றால், உத்யம் சான்றிதழை இணைத்து அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள்.