கல்லறைமேல் ஒரு பந்தும் ஒரு டப்பாவும்

கி.மு. 75. சிசிலித் தீவில் ரோம அரசின் நிதி அதிகாரியாக இருந்த சிசரோ, சிரக்கூஸ் நகரத்தாரிடம் ஆர்க்கிமிடீஸின் கல்லறை எங்கே என்று விசாரித்தார். அப்படியொன்று இங்கே கிடையவே கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். ரோமப் படைவீரன் ஒருவன் கையால் ஆர்க்கிமிடீஸ் இறந்து 137 ஆண்டுகள் ஆகியிருந்தன. சொந்த ஊரே அவரை மறந்துபோயிருந்தது.

சிசரோ விடவில்லை. நகர வாயிலுக்கு வெளியே, கல்லறைகள் மண்டிக் கிடந்த இடத்தில் தேடியபோது, முட்புதருக்கு மேலே கொஞ்சமாய்த் தலை நீட்டிய ஒரு சிறு தூண் கண்ணில் பட்டது. அதன்மேல் ஒரு கோளமும் ஓர் உருளையும். ஆட்களை அனுப்பி அரிவாளால் புதரை வெட்டவைத்தார். தூணில் பொறித்த வரிகளில் பாதி தேய்ந்துபோயிருந்தது. அது யாருடைய கல்லறை என்று அடையாளம் காட்டியது அந்த இரண்டு உருவங்கள்தான்.

போர் இயந்திரங்கள், நெம்புகோல், தண்ணீர்த் தொட்டிக் கதை என்று எத்தனையோ அவர் பெயரில் இருக்க, தன் கல்லறையில் இந்த உருவத்தை வைக்கச் சொல்லி அவரே கேட்டுக்கொண்டதாகப் புளூடார்க் எழுதியிருக்கிறார். ஒரு பந்தை மேலும் கீழும் பக்கவாட்டிலும் இடைவெளியே இல்லாமல் கவ்விப் பிடிக்கும் டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் கன அளவில் சரியாக மூன்றில் இரண்டு பங்குதான் பந்து. ஏறக்குறைய அல்ல, மிகச் சரியாக. வட்டம் என்று வந்தாலே ஒட்டிக்கொள்ளும் π இந்த விகிதத்தில் இல்லவே இல்லை. இரண்டு வளைந்த உருவங்களுக்கு நடுவே 2:3 என்ற பச்சை முழு எண்கள்.

நம் பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தில் வரும் (4/3)πr³ என்ற சூத்திரமும் இதேதான். உருளையின் உயரம் 2r, ஆகவே அதன் கன அளவு 2πr³. அதில் மூன்றில் இரண்டு எடுத்தால் சூத்திரம் வந்துவிடும். ஆனால் ஏன் மூன்றில் இரண்டு? மாணவர்களில் பலர் கேட்காமலே கடந்துவிடும் கேள்வி இது.

மேசைமேல் ஓர் அரைக்கோளத்தைக் கவிழ்த்து வையுங்கள். ஆரம் 10 செ.மீ. பக்கத்தில் அதே ஆரமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட ஓர் உருளை. அந்த உருளைக்குள்ளிருந்து, புனல் போல, மேல்விளிம்பில் முழு அகலமும் அடிமையத்தில் கூர்முனையும் உள்ள ஒரு கூம்பைக் குடைந்து எடுத்துவிடுங்கள். இப்போது இரண்டையும் மேசையிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் கிடைமட்டமாக ஒரே வெட்டு வெட்டுவோம்.

அரைக்கோளத்தில் கிடைப்பது ஒரு வட்டம். 10 கர்ணம், 6 ஒரு பக்கம் என்றால் மற்றப் பக்கம் 8. அதுதான் வட்டத்தின் ஆரம். பரப்பு 64π. உருளையில் கிடைப்பதோ நடுவில் ஓட்டையுள்ள வளையம். வெளி ஆரம் 10. கூம்பின் உயரமும் ஆரமும் சமம் என்பதால் 6 செ.மீ. உயரத்தில் ஓட்டையின் ஆரமும் 6. ஆக 100π-இலிருந்து 36π போக, மீதி 64π. இட்லி போல ஒன்று, வடை போல ஒன்று. பரப்பு மட்டும் அச்சு மாறாமல் ஒன்றே. 8 செ.மீ.யில் வெட்டினால் இரண்டிலும் 36π. எந்த உயரத்தில் வெட்டினாலும் கணக்கு தவறாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் பிதாகரஸ் தேற்றம்தான் வேலை செய்கிறது.

எல்லா உயரத்திலும் வெட்டுப் பரப்பு சமம் என்றால் கன அளவும் சமம். 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கவலியேரியின் பெயரில் வழங்கும் விதி இது. ஆக, அரைக்கோளம் என்பது உருளையிலிருந்து கூம்பைக் கழித்த மீதி. கூம்பு உருளையில் மூன்றில் ஒன்று. மீதி மூன்றில் இரண்டு. இன்னொரு அரைக்கோளத்தை ஒட்டினால் முழுப் பந்து, முழு டப்பா, அதே விகிதம்.

கூம்பு மட்டும் ஏன் மூன்றில் ஒன்று? ஒரு கனசதுரத்தின் ஒரு மூலையை உச்சியாக வைத்து, அந்த மூலையைத் தொடாத மூன்று முகங்களையும் அடித்தளமாகக் கொண்டு வெட்டினால், ஒரே அளவான மூன்று பிரமிடுகள் கிடைக்கும். அந்த மூன்றுதான் கூம்புக்கும் வருகிறது. இதை முதலில் சொன்னவர் டெமாக்ரிடஸ், நிறுவியவர் யூடாக்சஸ் என்று ஆர்க்கிமிடீஸே பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் ஆர்க்கிமிடீஸ் இந்த விடையை முதலில் கண்டது தராசில்! அவர் வெளியிட்ட நிரூபணம் கறாரானது, நீளமானது. எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை அது மறைத்துவிடும். அந்த ரகசியம் 1906-இல்தான் வெளியே வந்தது. எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேல் பிரார்த்தனைகள் எழுதப்பட்ட ஒரு தோல் சுவடியைக் கான்ஸ்டாண்டிநோபிளில் டென்மார்க் அறிஞர் ஹைபர்க் படித்தார். அடியில் மங்கலாக இருந்தது, எரட்டோஸ்தனிஸுக்கு ஆர்க்கிமிடீஸ் எழுதிய விளக்கம்.

கோளத்தின் விட்டத்தையே உயரமாகவும் ஆரமாகவும் கொண்ட ஒரு பெரிய கூம்பு, அதே அளவில் ஒரு பெரிய உருளை. கற்பனைத் தராசின் ஒரு நுனியில் கோளத்தையும் கூம்பையும் தொங்கவிடுகிறார். எதிர்க்கையின்மேல் உருளையை நீளவாக்கில் படுக்கவைக்கிறார். மெல்லிய சீவல் சீவலாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமன். உருளையின் ஈர்ப்பு மையம் கையின் பாதித் தூரத்தில் இருப்பதால், கோளமும் கூம்பும் சேர்ந்து உருளையில் பாதி. கூம்பு மூன்றில் ஒன்று. பாதியில் அதைக் கழித்தால் கோளம் ஆறில் ஒன்று. இந்தப் பெரிய உருளை, கோளத்தைக் கவ்வும் சிறிய உருளையைப் போல நான்கு மடங்கு. ஆகவே ஆறில் நான்கு, அதாவது மூன்றில் இரண்டு. இதை நிரூபணம் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை; வழிகாட்டி என்றுதான் சொன்னார். அந்த நேர்மை அலாதியானது.

பெரிய மேதைகளுக்கும் இந்தக் கணக்கு சறுக்கியிருக்கிறது. ஆர்யபடர் கி.பி. 499-இல், நடுவட்டப் பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கோளத்தின் கன அளவு என்றார். அப்படியானால் பந்து டப்பாவில் சுமார் 89 சதவீதத்தை அடைத்துக்கொள்ள வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் சரியான விதியைத் தந்தார்.

தண்ணீரை ஊற்றிப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும். 6.6 செ.மீ. விட்டமுள்ள பந்து, அதே அகலமும் உயரமும் உள்ள டப்பா. பந்தை வைத்து விளிம்புவரை நீர் ஊற்றி, பந்தை எடுத்தால் சுமார் 75 மில்லி மிஞ்ச வேண்டும். டப்பா கொள்வது 226 மில்லி. ரப்பர் பந்து மிதந்து ஏமாற்றும். அழுத்திப் பிடிக்க வேண்டும். டப்பா அகலத்திலும் உயரத்திலும் வெறும் 4 மி.மீ. பெரிதாக இருந்தாலே போதும், மிஞ்சும் நீர் 119 மில்லிக்கு ஏறிவிடும். விடை பிசகினால் ஆர்க்கிமிடீஸைச் சந்தேகிக்கும் முன் டப்பாவை அளந்து பாருங்கள்.

சிசரோ கண்ட தூண் மறுபடியும் தொலைந்துபோனது. இன்று சிரக்கூஸில் ஆர்க்கிமிடீஸ் கல்லறை என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படுவது ரோமர் காலத்துக் குகைக் கல்லறை. அந்தக் கோளத்தையும் உருளையையும் பார்க்க வேண்டுமென்றால், கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். பின்புறத்தில் பொறித்திருக்கிறார்கள்.